அப்துல் காதரில் ‘உல்’ யாருடையது?

அப்துல் காதர், நூருல் ஹக், ஷம்சுத்தீன். தமிழ்நாட்டில் நாள்தோறும் காதில் விழும் பெயர்கள் இவை. முதல் பெயர்க்காரரை நண்பர்கள் ‘அப்துல்’ என்று சுருக்கிக் கூப்பிடுவதும் வழக்கம். அரபி அறிந்தவர் காதுக்கு அது பாதியில் அறுபட்ட பெயராகவே கேட்கும். ‘அப்து’ என்றால் அடியான். ‘அல்காதிர்’ என்றால் பேராற்றல் உடையவன், அதாவது இறைவன். இரண்டும் அடுத்தடுத்து வரும்போது ‘அல்’லின் தொடக்க அகரம் ஒலிக்காமல் கரைந்துபோக, ‘அப்துல் காதிர்’ ஆகிறது. ஆக, ‘உல்’லில் உள்ள உகரம் முதல் சொல்லின் வேற்றுமை விகுதி, லகர மெய் இரண்டாம் சொல்லின் தலையெழுத்து. ‘ஷம்சுத்தீன்’ என்பதில் அந்த லகரமும் அடுத்து வரும் எழுத்தோடு சேர்ந்து தகரமாக மாறிவிட்டது.

‘அல்’ என்பது அரபியில் குறிப்பிட்ட ஒன்றைச் சுட்டும் முன்னொட்டு. ‘கிதாபுன்’ என்றால் ஏதோ ஒரு புத்தகம். ‘அல்கிதாபு’ என்றால் நாம் பேசிக்கொண்டிருக்கிற அந்தப் புத்தகம். முதற்சொல்லின் கடைசியில் ஒலிக்கும் ‘ன்’னுக்குத் தன்வீன் என்று பெயர். ‘அல்’ முன்னால் வந்ததும் தன்வீன் பின்னால் போய்விடும். இரண்டும் ஒரு சொல்லில் ஒன்றாக இரா.

இனி ‘அந்த மாணவனின் புத்தகம்’ என்று சொல்லவேண்டும். அரபி கற்கத் தொடங்குபவர் ‘அல்கிதாபு’, ‘அத்தாலிபு’ என்ற இரண்டையும் சேர்த்து ‘அல்கிதாபுத் தாலிபி’ என்று சொல்லிப் பார்ப்பார். குறிப்பிட்ட மாணவன், குறிப்பிட்ட புத்தகம், எனவே இரண்டுக்கும் ‘அல்’ என்பது அவருடைய கணக்கு. சரியான தொடரோ ‘கிதாபுத் தாலிபி’. முதற்சொல்லில் ‘அல்’லும் இல்லை, தன்வீனும் இல்லை. உடைமையைக் காட்டும் இந்தச் சேர்க்கையை நம்மூர் மதரஸாக்களில் இளாஃபத் என்பார்கள். முதற்சொல் முளாஃப், அதாவது சேர்க்கப்பட்டது. இரண்டாவது முளாஃப் இலைஹி, அதாவது எதனோடு சேர்க்கப்பட்டதோ அது. அரபியில் உடைமைப் பொருள் முன்னும் உடையவர் பின்னுமாக வருவார்கள். தமிழுக்கு நேர் எதிர் வரிசை.

தன்வீன் போவதற்கான காரணத்தைப் பழைய அரபு இலக்கணிகள் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். தன்வீன் என்பது ‘சொல் இங்கே முடிந்தது’ என்று காட்டும் அடையாளம். முளாஃப் அங்கே முடிவதில்லை, அடுத்த சொல்லோடுதான் முழுமை பெறுகிறது. எனவே தன்வீன் இருந்த இடத்தில் அடுத்த பெயர் வந்து அமர்கிறது என்பது அவர்கள் விளக்கம். பன்மையிலும் இதைப் பார்க்கலாம். ‘முதர்ரிஸூன’ என்றால் ஆசிரியர்கள். ‘பள்ளியின் ஆசிரியர்கள்’ என்னும்போது கடைசி ‘ன’ உதிர்ந்து ‘முதர்ரிஸுல் மத்ரஸத்தி’ ஆகிவிடும். ‘அல்முதர்ரிஸூன’ என்று முன்னால் ‘அல்’ சேர்த்தபோதுகூட அசையாமல் நின்ற ‘ன’ அது. இந்த இரண்டு சொற்களின் பிணைப்பு எவ்வளவு இறுக்கமானது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

‘அல்’ போவதற்குக் காரணம் வேறு. பலர் நினைப்பதுபோல, ‘அல்’லை இழந்த முதற்சொல் ‘ஏதோ ஒன்று’ என்ற பொருளுக்கு இறங்கிவிடுவதில்லை. எந்தப் புத்தகம்? அந்த மாணவனின் புத்தகம். மாணவன் யாரென்று தெரிந்துவிட்டால் புத்தகமும் எதுவென்று தெரிந்துவிடுகிறது. குறிப்புத்தன்மை பின்னிருந்து முன்னோக்கி வருகிறது. ஏற்கெனவே குறிப்பாகிவிட்ட சொல்லுக்கு ‘அல்’ கொடுக்க எதுவும் மிச்சமில்லை. ‘என் புத்தகம்’ என்பதும் வெறும் ‘கிதாபீ’தான், ‘அல்கிதாபீ’ என்று வராது. அங்கே அந்த வேலையை ‘என்’ செய்துவிடுகிறது.

முதற்சொல் குறிப்பானதுதான் என்பதற்கு அடைமொழி சாட்சி. அரபியில் அடைமொழி பெயருக்குப் பின்னால் வரும், பெயர் குறிப்பானதாக இருந்தால் தானும் ‘அல்’ ஏற்கும். ‘மாணவனின் புதிய புத்தகம்’ என்பது ‘கிதாபுத் தாலிபில் ஜதீது’. ‘ஜதீது’ புத்தகத்துக்கு அடைமொழி. புத்தகத்தில் ‘அல்’ கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அதன் அடைமொழியில் தெரிகிறது. ‘ஜதீதி’ என்று இகரத்தில் முடித்தால் புதியவன் மாணவன் என்றாகிவிடும். செய்தித்தாள்களில் இந்தக் குறில் ஒலிகளை எழுதுவதில்லை. எனவே எது புதிது என்பதை அங்கே சூழலை வைத்துத்தான் பிரித்தறிய வேண்டும்.

சொற்கள் எத்தனை சேர்ந்தாலும் விதி ஒன்றே. ‘பள்ளித் தலைமையாசிரியரின் வீட்டுக் கதவு’ என்பது ‘பாபு பைத்தி முதீரில் மத்ரஸத்தி’. பாப் கதவு, பைத் வீடு, முதீர் நிர்வாகி, மத்ரஸா பள்ளி. நான்கு பெயர்களில் ‘அல்’ கடைசியில் மட்டுமே, ஆனாலும் நான்குமே குறிப்பானவை. கடைசிச் சொல்லை ‘மத்ரஸத்தின்’ என்று தன்வீனோடு முடித்துவிட்டால் கதவு, வீடு, தலைமையாசிரியர், பள்ளி எல்லாமே ‘ஏதோ ஒன்று’ ஆகிவிடும். மாணவன் குறிப்பானவன், ஆனால் அவனுடைய பல புத்தகங்களில் ஏதோ ஒன்று என்று சொல்ல வேண்டுமானால் இளாஃபத் உதவாது. ‘கிதாபுன் லித்தாலிபி’, மாணவனுக்குரிய ஒரு புத்தகம், என்று இடையில் ‘லி’ போட்டுப் பிரித்துவிட வேண்டும்.

‘அல்’ எங்கே நிற்கிறது என்பதை வைத்தே தொடரின் வகையைக் கண்டுகொள்ளலாம். வீடு, பெரிய என்ற இரண்டு சொற்களையே எடுத்துக்கொள்வோம். ‘பைத்துன் கபீருன்’ என்றால் ஒரு பெரிய வீடு. இரண்டிலும் ‘அல்’ வந்து ‘அல்பைத்துல் கபீரு’ என்றால் அந்தப் பெரிய வீடு. முதலில் மட்டும் வந்து ‘அல்பைத்து கபீருன்’ என்றால் அது முழு வாக்கியம்: வீடு பெரியது. இரண்டாவதில் மட்டும் வந்து ‘பைத்துல் கபீரி’ என்றால் அது இளாஃபத்: பெரியவரின் வீடு. நம் தொடக்கநிலை மாணவர் இரண்டுக்கும் ‘அல்’ போட்டால் ‘மாணவனின் புத்தகம்’ அடைமொழித் தொடரின் உருவத்துக்குள் போய் விழுந்துவிடுகிறது.

மதீனாவில் நபிகளாரின் பள்ளிவாசலுக்கு இரண்டு விதமாகவும் பெயர் உண்டு. ‘அல்மஸ்ஜிதுன் நபவிய்யு’ என்பதில் பின்சொல் ‘நபிக்குரிய’ என்னும் அடைமொழி. எனவே இரண்டிலும் ‘அல்’. ‘மஸ்ஜிதுன் நபிய்யி’ என்பதில் பின்சொல் ‘நபி’ என்ற பெயர். எனவே முன்சொல்லில் ‘அல்’ இல்லை. துபாயின் புர்ஜ் அல் அரப் இளாஃபத். புர்ஜ் கலீஃபாவும் இளாஃபத்தே. ஆனால் கலீஃபா என்பது ஆள் பெயர், தானாகவே குறிப்பானது, ஆகவே அங்கே ‘அல்’லுக்கே வேலையில்லை.

முளாஃபில் ‘அல்’ வரும் இடம் ஒன்றும் உண்டு. ‘அழகிய முகமுடைய அந்த மனிதர்’ என்பதற்கு ‘அர்ரஜுலுல் ஹஸனுல் வஜ்ஹி’ என்பார்கள். ‘ஹஸன்’ அழகிய, ‘வஜ்ஹ்’ முகம். இங்கே ‘ஹஸன்’ முளாஃபாக இருந்தும் ‘அல்’ ஏற்கிறது. காரணம், இது பெயரளவில்தான் இளாஃபத். அழகு முகத்தின் உடைமை என்று இது சொல்லவில்லை. முகத்தால் அழகியவர் என்று மனிதரை வருணிக்கிறது. முகத்தில் ‘அல்’ இருந்தாலும் அந்தக் குறிப்புத்தன்மை ‘ஹஸன்’ வரை வருவதில்லை. ‘ரஜுலுன் ஹஸனுல் வஜ்ஹி’ என்றால் அழகிய முகமுடைய ஏதோ ஒரு மனிதர் என்பதே பொருள். பின்னிருந்து எதுவும் வந்து சேராததால், மனிதர் குறிப்பானவராகும்போது ‘ஹஸன்’ தனக்கு வேண்டிய ‘அல்’லைத் தானே ஏற்றுக்கொள்கிறது.