யெஸ் பேங்க் பங்கை இரண்டு விதமாகப் படித்தவர்கள்

2017 மார்ச் நிலவரப்படி தன்னிடமுள்ள வாராக்கடன் 2,018 கோடி ரூபாய் என்று யெஸ் பேங்க் கணக்குக் காட்டியிருந்தது. ரிசர்வ் வங்கி ஆய்வு செய்து பார்த்துவிட்டு, அது 8,373 கோடி என்றது. முந்தைய ஆண்டும் இப்படித்தான்: வங்கி சொன்னது 749 கோடி, ரிசர்வ் வங்கி கண்டது 4,926 கோடி. இந்த வித்தியாசத்தை வங்கியே 2017-ல் வெளியிட வேண்டியிருந்ததால், படிக்க நினைத்த எவரும் படித்திருக்கலாம்.

அப்படிப் படிப்பதுதான் ஃபண்டமெண்டல் அனாலிசிஸ். நிறுவனம் எப்படிச் சம்பாதிக்கிறது, எவ்வளவு கடன் வைத்திருக்கிறது, சொல்லும் லாபம் உண்மையில் கைக்கு வருகிறதா என்று கணக்குகளிலிருந்து கண்டுபிடித்து, அதற்கு இந்த விலை தகுமா என்று பார்ப்பது. யெஸ் பேங்க் விஷயத்தில் அதற்குப் பெரிய கணிதம் தேவைப்படவில்லை. 2018 மார்ச்சில் அது கொடுத்திருந்த கடன் சுமார் 2 லட்சம் கோடி. பங்குதாரர்களின் சொந்தப் பணம் சுமார் 25,700 கோடி. கொடுத்த கடனில் பத்தில் ஒரு பங்கு திரும்பாமல் போனாலே, சொந்தப் பணத்தில் பெரும்பகுதி காலி. இத்தனைக்கும் அந்த ஒரே நிதியாண்டில் கடன் தொகை பாதிக்கு மேல் கூடியிருந்தது. புதிதாகக் கொடுத்த கடன் பெரும்பாலும் முதல் வருடத்திலேயே வாராக்கடன் ஆவதில்லை. அதனால் கடன் வேகமாகப் பெருகும் வங்கியில் வாராக்கடன் விழுக்காடு தானாகவே சிறியதாகத் தெரியும். 2018 ஜூனில் யெஸ் பேங்க் காட்டிய 1.31 விழுக்காட்டை, ஏற்கெனவே இரண்டு முறை கணக்கு தப்பியிருந்த வங்கியின் எண் என்ற நினைவோடுதான் படிக்க வேண்டியிருந்தது.

ஆனால் பங்கு விலை அப்படி நினைக்கவில்லை. ரிசர்வ் வங்கியின் கணக்கு வெளியான பிறகும் பங்கு ஏறி, 2018 ஆகஸ்ட் 20 அன்று 404 ரூபாயைத் தொட்டது. கணக்கைச் சரியாகப் படித்து 2017-லேயே விற்றவர், பத்து மாதம் பிறர் லாபம் பார்ப்பதை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்திருப்பார். விலை விழும் என்று பந்தயம் கட்டியவர் பணத்தையே இழந்திருப்பார். ஃபண்டமெண்டல் அனாலிசிஸின் எல்லை இது. என்ன நடக்கும் என்று அதனால் சொல்ல முடியலாம். எப்போது என்று சொல்ல முடியாது.

அந்த ‘எப்போது’ மட்டும்தான் குறுகிய கால வர்த்தகருக்கு வேண்டும். இரண்டு வாரத்தில் ஒரு நிறுவனத்தின் தொழில் மாறிவிடுவதில்லை. மாறுவது வாங்குபவர்களின் ஆர்வமும் விற்பவர்களின் அவசரமும்தான். அதை விலையிலும், கைமாறிய பங்குகளின் எண்ணிக்கையிலும் படிப்பது டெக்னிக்கல் அனாலிசிஸ். அதில் மிக எளிய கருவி, கடந்த 200 வர்த்தக நாட்களின் சராசரி விலை. விலை அதற்கு மேலே இருந்தால், சராசரியாகப் பார்க்கையில் கடந்த சில மாதங்களில் வாங்கியவர்கள் லாபத்தில் இருக்கிறார்கள், விற்க அவசரமில்லை என்று பொருள். கீழே போனால் அவர்கள் நஷ்டத்தில் இருக்கிறார்கள். ஒவ்வொரு ஏற்றத்திலும் தப்பித்தால் போதும் என்று விற்பார்கள். அது காரணத்தைச் சொல்வதில்லை. வர்த்தகர் அதைக் கேட்பதும் இல்லை. தன் கணிப்பு தவறினால் எந்த விலையில் வெளியேறுவது என்று முன்கூட்டியே குறித்து வைப்பார். அதுதான் ஸ்டாப்லாஸ்.

404-க்குப் பிறகு ஒரே மாதத்தில் பங்கு 320 அருகே இறங்கியது. அறிக்கைகளில் லாபம் இன்னும் அழகாகத்தான் இருந்தது; ஆனால் சார்ட் கெட்டுவிட்டது. செப்டம்பர் 19 அன்று, வங்கியின் தலைவர் ராணா கபூர் 2019 ஜனவரி வரைதான் பதவியில் இருக்கலாம் என்ற ரிசர்வ் வங்கியின் முடிவு வெளியானது. மறுநாள் சந்தை விடுமுறை. அதற்கு அடுத்த நாள் பங்கு சுமார் 29 விழுக்காடு சரிந்து 230-க்குக் கீழே முடிந்தது. இங்கே டெக்னிக்கல் அனாலிசிஸின் எல்லையும் தெரிகிறது. 310-ல் ஸ்டாப்லாஸ் போட்டிருந்தவருக்கு 310 கிடைக்கும் என்று உறுதி இல்லை. சந்தை திறக்கும்போதே விலை அதற்குக் கீழே குதித்துவிட்டால், கிடைத்த விலைக்குத்தான் விற்கும். மூடியிருக்கும் நேரத்தில் வரும் செய்தியிலிருந்து எந்த சார்ட்டும் காப்பாற்றாது.

2019 பிப்ரவரியில் நடந்ததும் கவனிக்கத்தக்கது. 2018-ஆம் நிதியாண்டின் கணக்கில் ரிசர்வ் வங்கி எந்த வித்தியாசமும் காணவில்லை என்று யெஸ் பேங்க் அறிவித்தது. பங்கு ஒரே நாளில் சுமார் 30 விழுக்காடு ஏறியது. அன்று லாபம் பார்த்த வர்த்தகர் சாமர்த்தியசாலி. அந்த அறிவிப்பை நம்பி ‘இனி பத்து வருடத்துக்கு வைத்திருக்கலாம்’ என்று வாங்கியவரோ ஏமாந்தார். ஆய்வறிக்கையில் சாதகமான பகுதியை மட்டும் வெளியிட்டதாக ரிசர்வ் வங்கியே கண்டித்தது. ஏப்ரலில் 1,507 கோடி காலாண்டு நஷ்டம் வெளியானது.

நான் பார்த்தவரை, சிறு முதலீட்டாளர்கள் அதிகம் இழப்பது இந்த இரண்டு முறைகளில் ஒன்றைத் தவறாகச் செய்வதால் அல்ல. ஒன்றில் உள்ளே வந்து, மற்றொன்றின் பெயரைச் சொல்லி உள்ளேயே தங்கிவிடுவதால்தான். ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒருவர் 420-ஐ எதிர்பார்த்து 380 ரூபாயில் 100 பங்கு வாங்குகிறார். 360-ல் வெளியேறுவது திட்டம். போனால் 2,000 ரூபாய். விலை 360-ஐத் தாண்டி இறங்குகிறது. அவர் விற்கவில்லை. ‘நல்ல வங்கி, நீண்ட காலத்துக்கு வைத்திருப்போம்’ என்கிறார். ஆனால் ஆண்டறிக்கையைத் திறக்கவில்லை. 227-ல் இன்னும் 100 பங்கு வாங்கிச் சராசரி செய்கிறார். மொத்தம் போட்ட பணம் 60,700 ரூபாய்.

2020 மார்ச் 5 அன்று ரிசர்வ் வங்கியின் விண்ணப்பத்தின் பேரில் மத்திய அரசு யெஸ் பேங்கை முடக்கி, வாடிக்கையாளர் எடுக்கக்கூடிய தொகைக்கு 50,000 ரூபாய் வரம்பு வைத்தது. மறுநாள் பங்கு 5.55 வரை போய், 16 ரூபாய் அருகே முடிந்தது. அவருடைய 200 பங்கின் மதிப்பு சுமார் 3,200 ரூபாய். பிறகு ஸ்டேட் பேங்க் தலைமையில் வங்கியை மீட்ட திட்டத்தில் ஒரு நிபந்தனை இருந்தது: 100 பங்குக்கு மேல் வைத்திருந்தவர்கள், அவற்றில் 75 விழுக்காட்டை மூன்று ஆண்டு விற்க முடியாது. சில நாள் வர்த்தகத்துக்கு வந்தவரின் 150 பங்குகள் 2023 மார்ச் வரை பூட்டப்பட்டன.

ஆகவே கால அளவை முதலில் முடிவு செய்ய வேண்டும், பங்கை அப்புறம். நாட்கள், வாரங்கள் என்றால் சார்ட்தான் கருவி. வெளியேறும் விலை இல்லாமல் வாங்கவே கூடாது. அதோடு செபி 2024-ல் வெளியிட்ட ஆய்வையும் நினைவில் வைக்க வேண்டும்: 2022-23 நிதியாண்டில் பங்குச் சந்தையில் இன்ட்ராடே வர்த்தகம் செய்த தனிநபர்களில் பத்தில் ஏழு பேர் நஷ்டமடைந்தார்கள். ஐந்து, பத்து ஆண்டு என்றால் கணக்குப் புத்தகம்தான் கருவி. அவருக்கு அன்றாட சார்ட் தேவையில்லை. ஒரே ஒரு வேலைக்கு மட்டும் அது உதவும். தான் வைத்திருக்கும் பங்கு 200 நாள் சராசரிக்குக் கீழே போய், சந்தை முழுவதும் விழாமல் அது மட்டும் விழுந்தால், விற்றுவிட அவசரப்படாமல், மேலும் வாங்கவும் செய்யாமல், கடைசி இரண்டு ஆண்டறிக்கைகளை எடுத்து உட்கார வேண்டும். வங்கிப் பங்கு என்றால், ரிசர்வ் வங்கி கண்ட வித்தியாசம் பற்றிய குறிப்பு அதில் இருக்கிறதா என்பதை முதலில் தேட வேண்டும்.