விளையாட்டு நின்றதா, லேப்டாப்பே அணைந்ததா?

"5 வருஷத்து லேப்டாப். ஐ5 பிராசஸர், 8 ஜிபி ரேம், தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. பையன் மைன்கிராஃப்ட் ஆடினால் 20 நிமிஷத்தில் நின்றுவிடுகிறது. ரேம் கூட்டலாமா?" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார்.

எப்படி நிற்கிறது என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை, பையன் சொன்னான்: "ஃபேன் சத்தமா சுத்தும் அங்கிள். கேம் திக்கித் திக்கி ஓடும். அப்புறம் பட்டுனு லேப்டாப்பே ஆஃப் ஆயிடும். உடனே திரும்பப் போட்டா அஞ்சு நிமிஷம்கூட தாங்காது."

பாதி விடை அதிலேயே இருக்கிறது. ரேம் போதாவிட்டால் பெரும்பாலும் விளையாட்டு மட்டும்தான் மூடிக்கொள்ளும்; லேப்டாப் ஓடிக்கொண்டிருக்கும். எந்தச் செய்தியும் காட்டாமல் மொத்தமாக அணைந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது சூட்டைத்தான். பிராசஸர் அளவுக்கு மீறிச் சூடானால் முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். விளையாட்டு திக்குவது அதனால்தான். அதற்கும் சூடு அடங்காவிட்டால், சில்லு கருகிவிடாமலிருக்க லேப்டாப் தானே அணைந்துவிடும். உடனே போட்டால் முன்னைவிடச் சீக்கிரம் அணைவதற்குக் காரணம், பழைய சூடு இன்னும் ஆறாததுதான்.

விண்டோஸின் Event Viewer-இல் Kernel-Power 41 என்ற பதிவு இருந்தது. முறையாக மூடப்படாமல் அணைந்தது என்பதை மட்டுமே அது சொல்லும், காரணத்தைச் சொல்லாது. அதனால் HWiNFO என்ற இலவச மென்பொருளைத் திறந்துவைத்துப் பையனை ஆடச் சொன்னோம். தொடங்கும்போது 58 டிகிரி. 12-ஆவது நிமிஷத்தில் 97. பல இன்டெல் பிராசஸர்களுக்கு 100 டிகிரிதான் எல்லை என்பதால் அத்தோடு நிறுத்தினோம்.

அவன் ஆடும் இடம் மெத்தை. காற்று உள்ளே போகும் துளைகள் லேப்டாப்பின் அடிப்பக்கம் இருந்தன. மெத்தை அவற்றை அடைத்துவிட்டது. கடையில் அடிமூடியைக் கழற்றியபோது, ஃபேனுக்கும் உலோகத் தகடுகளுக்கும் இடையே தூசி கம்பளித் துண்டுபோல் படிந்திருந்தது. அதை எடுத்துவிட்டு, பிராசஸர் மேல் காய்ந்துபோயிருந்த தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகத் தடவினார்கள். வீட்டில் மேசைமேல் வைத்து, விளையாட்டின் வீடியோ அமைப்பில் Max Framerate-ஐ 60 ஆக்கினோம். நொடிக்கு எத்தனை படம் வரைகிறது என்பதன் உச்சவரம்பு அது. குறைத்தால் பிராசஸருக்கு வேலை குறையும், சூடும் குறையும்.

அன்று ஒரு மணி நேரம் ஆடியும் 82 டிகிரியைத் தாண்டவில்லை. லேப்டாப் அணையவும் இல்லை. ரேம் அதே 8 ஜிபிதான். ஒருவேளை 70 டிகிரியிலேயே அணைந்திருந்தால், அடுத்து சார்ஜரையும் பேட்டரியையும் பார்த்திருப்போம்.