நூலகருக்கு ஒரு விண்ணப்பம்

ஆய்வுத் திட்டம் தொடங்கும் பருவத்தில் கல்லூரி நூலகரின் மேசைக்கு மாணவர்களிடமிருந்து ஒரு கடிதம் வரும். பெறுநர், பொருள், ‘வழி: துறைத்தலைவர்’ எல்லாம் முறையாக இருக்கும். ‘எங்கள் வகுப்புக்கு ஆய்வுத் தரவுத்தளங்கள் பற்றிப் பயிற்சி அளிக்கப் பணிவுடன் வேண்டுகிறோம்’ என்று முடிந்துவிடும். எதைத் தேடுகிறார்கள், எங்கே தடைப்பட்டார்கள் என்பது அதில் இருக்காது. நூலகரும் வேறு வழியின்றி மொத்த வகுப்பையும் கருத்தரங்கக் கூடத்தில் உட்காரவைத்து, திரையில் ஒவ்வொரு தளமாகத் திறந்து காட்டுவார். மறுவாரம் யாருக்கும் எதுவும் நினைவிருக்காது.

தரவுத்தளம் என்பது பல்லாயிரம் ஆய்விதழ்களில் வந்த கட்டுரைகளைத் தலைப்பு, ஆசிரியர், சுருக்கம், பொருள் எனப் பிரித்துப் பதிந்துவைத்திருக்கும் பட்டியல். சிலவற்றில் முழுக் கட்டுரையும் கிடைக்கும். சிலவற்றில் சுருக்கத்தோடு சரி. சொந்தக் கேள்வி ஒன்றை வைத்துக்கொண்டு தேடிப் பார்த்தால்தான் அதைப் பழக முடியும். அதனால் விண்ணப்பத்திலேயே அந்தக் கேள்வி இருக்க வேண்டும். ஊட்டச்சத்து இயல் படிக்கும் ஒரு மாணவி இப்படி எழுதலாம்:

“மதிப்பிற்குரிய அம்மா, வணக்கம். நான் எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டு மாணவி. பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் இரும்புச்சத்து மாத்திரையை மாணவிகள் சிலர் ஏன் விழுங்காமல் விடுகிறார்கள் என்பது என் ஆய்வுத் தலைப்பு. கூகுளில் தேடினேன், செய்திகளும் சுற்றறிக்கைகளும்தான் வந்தன. பப்மெட்டில் முழு வாக்கியமாகத் தட்டினேன். பயன்படும் கட்டுரை வரவில்லை. கிடைத்த ஒன்றைத் திறந்தால் பணம் கேட்கிறது. நம் கல்லூரிக்கு என்-லிஸ்ட் உண்டா, அதில் எனக்குக் கணக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. இதே நிலையில் எட்டுப் பேர் இருக்கிறோம். எங்கள் தலைப்புகளை இணைத்துள்ளேன். அடுத்த மாதம் 10-ஆம் தேதிக்குள் முந்தைய ஆய்வுகளின் தொகுப்பை ஒப்படைக்க வேண்டும். வியாழன் பிற்பகல் எங்களுக்கு வகுப்பில்லை. கணினி முன் உட்கார்ந்து எங்கள் தலைப்புகளிலேயே தேடிப் பழக இரண்டு மணி நேரம் ஒதுக்கித் தர இயலுமா?”

இதைப் படிக்கும் நூலகர் பயிற்சி நாளுக்கு முன்பே வேலையைத் தொடங்கிவிடலாம். எட்டுத் தலைப்புகளையும் தாமே தேடிப் பார்த்து, எது எங்கே சிக்குகிறது என்று குறித்துவைப்பார். எட்டுக் கணக்குகளையும் சரிபார்ப்பார். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற எஸ்.ஆர்.ரங்கநாதன், நூலகவியலுக்கு வகுத்த ஐந்து விதிகளில் நான்காவது வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்துவதைப் பற்றியது. வாசகர் தம் தேவையைத் தெளிவாகச் சொன்னால்தான் அந்த விதியை நூலகரால் நிறைவேற்ற முடியும்.

அந்த மாணவியின் தலைப்பையே எடுத்துக்கொள்வோம். பப்மெட் என்பது அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் நடத்தும் தளம். 1997 முதல் எவரும் கட்டணமின்றித் தேடலாம். வாக்கியமாகத் தேடினால் அங்கே ஏன் கிடைப்பதில்லை? ‘விழுங்காமல் விடுவது’ என்று எந்த ஆய்வாளரும் தலைப்பில் எழுதுவதில்லை. மருந்தைச் சொன்னபடி உட்கொள்வதை ஒருவர் adherence என்பார், இன்னொருவர் compliance என்பார். மாத்திரையை ஒருவர் iron என்று எழுதுவார், இன்னொருவர் IFA என்று சுருக்குவார், திட்டத்தின் பெயரான WIFS-ஐ மட்டும் குறிப்பிடுவோரும் உண்டு. எனவே முதல் வேலை தாளில்தான். கேள்வியை நான்கு கருத்துகளாக உடைத்து, ஒவ்வொன்றின் கீழும் அதன் மாற்றுப் பெயர்களை எழுத வேண்டும். பிறகு அவற்றைக் கோக்க வேண்டும். பெரும்பாலோர் தவறுவது இந்த இடத்தில்தான். அவசரத்தில் இப்படித் தட்டுவார்கள்:

```
iron AND girls AND adherence OR compliance
```

பப்மெட் இதை இடமிருந்து வலமாகப் படிக்கும். முதல் மூன்று சொற்களும் சேர்ந்து வரும் கட்டுரைகளை எடுத்துக்கொண்டு, அவற்றோடு compliance என்ற சொல் வரும் எல்லாக் கட்டுரைகளையும் சேர்த்துக் கொட்டும். மருத்துவத்தில் அந்தச் சொல்லுக்கு நுரையீரல் விரிந்துகொடுக்கும் தன்மை என்றும் ஒரு பொருள் உண்டு. மாத்திரையைத் தேடியவருக்கு முன் செயற்கைச் சுவாசக் கருவி பற்றிய கட்டுரைகள் வந்து நிற்கும். முடிவுகளின் எண்ணிக்கை லட்சக்கணக்கில் போனாலோ, முதல் பக்கத்திலேயே தொடர்பில்லாத தலைப்புகள் தென்பட்டாலோ, அடைப்புக்குறி விட்டுப்போயிற்று என்று ஊகிக்கலாம். சரியான கோவை இது:

```
(adherence OR compliance) AND (iron OR IFA OR WIFS)
AND (girls OR adolescent) AND India
```

ஒரே கருத்தின் மாற்றுப் பெயர்கள் OR-ஆல் இணைந்து அடைப்புக்குறிக்குள் இருக்கின்றன. வெவ்வேறு கருத்துகளை AND இணைக்கிறது. இந்த இணைப்புச் சொற்களைப் பப்மெட்டில் பெரிய எழுத்தில்தான் தட்ட வேண்டும். தேடியபின் Advanced பக்கத்துக்குப் போனால், நாம் தட்டியதைத் தளம் எப்படிப் புரிந்துகொண்டது என்று அங்குள்ள தேடல் வரலாற்றில் விரித்துப் பார்க்கலாம். பயிற்சியில் இதைத் தவறாமல் காட்டச் சொல்லிக் கேட்க வேண்டும் என்பேன். பிழை எங்கே என்று மாணவர் தாமாகவே கண்டுபிடிக்க இதைவிட நல்ல இடம் இல்லை.

இன்னொரு சிக்கல் எழுத்துக்கூட்டல். ரத்தசோகையை நாம் anaemia என்றும் அமெரிக்கர் anemia என்றும் எழுதுவார்கள். சாதாரணமாகத் தட்டினால் பப்மெட் இரண்டையும் சேர்த்தே தேடும். மேற்கோள்குறிக்குள் போட்டால் அந்த உதவி நின்றுபோகும். இன்னொரு எழுத்துக்கூட்டலில் உள்ள கட்டுரைகள் சத்தமில்லாமல் விடுபடும். India-வுக்குப் பதில் Tamil Nadu என்று குறுக்கினாலும் இதேபோன்ற இழப்புதான். வேலூர் என்றோ தென்னிந்தியா என்றோ மட்டும் எழுதிய ஆய்வு வராது. முதலில் அகலமாகத் தேடி, பிறகு சுருக்கங்களைப் படித்துக் கழிப்பதே நல்லது.

அடுத்தது, பணம் கேட்கும் பக்கம். அதைத் தவிர்க்க Free full text என்ற வடிகட்டியை மாணவர்கள் போட்டுவிடுகிறார்கள். அப்போது இலவசமாகக் கிடைத்தவை மட்டுமே ஆய்வுக்கு அடிப்படையாகின்றன. முக்கியமான ஒரு கட்டுரை விடுபட்டது தெரியாமலே போகிறது. கல்லூரிக்கு என்ன உரிமை இருக்கிறது என்று முதலில் நூலகரிடம் கேட்க வேண்டும். காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் 2010 முதல் என்-லிஸ்ட் திட்டத்தை நடத்துகிறது. சேர்ந்துள்ள கல்லூரிகளின் மாணவர்கள் தனிப் பயனர் பெயர், கடவுச்சொல்லுடன் வீட்டிலிருந்தே மின்னிதழ்களைப் படிக்கலாம். மத்திய, மாநில அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்காக ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு 2024 நவம்பரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள், 3 ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் என்பது அதன் கணக்கு. இவ்வளவு பொதுப்பணம் செலவாகும் ஒன்றைக் கடவுச்சொல் தெரியாத காரணத்தால் ஒரு மாணவி இழப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

பப்மெட்டில் அகப்படாதது ஒன்று உண்டு: நம் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள். அவை இன்ஃப்ளிப்நெட்டின் சோத்கங்கா தளத்தில் முழுமையாகவும் இலவசமாகவும் இருக்கின்றன. அங்கே இரண்டு எழுத்துக்கூட்டலிலும் தனித்தனியாகத் தேடிவிடுவது பாதுகாப்பு. ஒரே ஊரில், ஒரே வயது மாணவிகளிடம் முன்பே கேட்கப்பட்ட வினாநிரலே ஓர் ஆய்வேட்டின் பின்னிணைப்பில் கிடைக்கக்கூடும்.

எல்லாவற்றையும் தேடியும் எட்டாத கட்டுரைகள் சில மிஞ்சும். அவற்றின் விவரத்தைக் குறித்து நூலகரிடம் கொடுத்தால், டெல்நெட் போன்ற கூட்டமைப்பில் கல்லூரி உறுப்பினராக இருக்கும்பட்சத்தில் பிற நூலகங்களிலிருந்து கேட்டு வாங்கித் தருவார். இல்லையேல் பப்மெட்டில் ஆசிரியரின் பெயருக்குக் கீழே நிறுவன விவரத்தை விரித்துப் பார்க்கலாம். பல கட்டுரைகளில் மின்னஞ்சல் முகவரி அங்கேயே இருக்கும். கட்டுரையின் தலைப்பையும் தம் ஆய்வுத் தலைப்பையும் சொல்லி நான்கு வரியில் ஒரு பிரதி கேட்டு எழுதலாம்.