சீனி மூட்டையில் போன லாபம்

விருதுநகர் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் இருக்கிறது அந்த மளிகைக்கடை. கல்லாவில் இருந்த அப்பாவுக்கு மூட்டுவலி முற்றி, நாள் முழுக்க நிற்க முடியாமல் போனதும், பி.காம். முடித்துவிட்டு வீட்டிலிருந்த மகள் கடைக்கு வந்தார். அதுவரை கடையின் கணக்கு மூன்று இடங்களில் இருந்தது. அன்றாட விற்பனை சிட்டையில், கடன் பற்று நோட்டில், மற்றதெல்லாம் அப்பாவின் தலைக்குள். எந்தச் சரக்கு எவ்வளவு கிடக்கிறது, எது எப்போது தீரும் என்பதெல்லாம் அந்த மூன்றாவது இடத்தில்தான். அதை மகளால் புரட்டிப் பார்க்க முடியாது. அதனால்தான் செல்போனில் ஒரு பில்லிங் ஆப்பை இறக்கினார்.

இறக்கினாரே தவிர, நம்பவில்லை. பில் ஆப்பில் போடுவார். அதே விற்பனையைச் சிட்டையிலும் எழுதுவார். இரவு கல்லாவை எண்ணி இரண்டோடும் ஒப்பிடுவார். இரட்டை வேலைதான். ஆனால் புதிதாக ஆப்புக்கு மாறும் எந்தக் கடைக்கும் முதல் சில வாரங்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. தொகை பெரும்பாலும் ஒத்துவந்தது. ஒத்துவராதது இருப்பு.

முதலில் மாட்டியது சோப்பு. இருப்பு ‘-14’ என்று காட்டியது. இல்லாத சோப்பை யார் விற்க முடியும்? “இதுக்குத்தான் சொன்னேன்” என்றார் அப்பா. விஷயம் சின்னது. ஏஜென்சி பில்லில் ‘1’ என்று இருந்தது ஒரு பெட்டி. அதை அப்படியே ‘1’ என்று ஏற்றிவிட்டார் மகள். ஆப் அதை ஒரு சோப்பாக எடுத்துக்கொண்டது. பதினைந்து விற்றதும் கழித்தல் பதினான்கு. பெட்டிக்கு எத்தனை சோப்பு, சரத்துக்கு எத்தனை ஷாம்பு, மூட்டைக்கு எத்தனை கிலோ என்று ஒவ்வொரு பொருளுக்கும் ஒருமுறை சொல்லிக்கொடுத்துவிட்டால் அந்தத் தொல்லை தீர்ந்தது. இருப்பு கழித்தலில் போனால் ஏதோ ஒரு கொள்முதல் பில் ஏறவில்லை, அல்லது தப்பாக ஏறியிருக்கிறது. முதலில் தேட வேண்டிய இடம் அதுதான்.

சீனி அவ்வளவு சுலபமாக விடவில்லை.

50 கிலோ மூட்டை. எல்லாச் செலவும் சேர்த்துக் கிலோ ₹43 அடக்கம், விற்பது ₹46. மூட்டை தீர்ந்து சாக்கை உதறியாகிவிட்டது. ஆப்போ இன்னும் 3.2 கிலோ இருக்கிறது என்றது. பெட்டியில் அடைத்து வரும் சரக்கென்றால் எண்ணிவிடலாம். சில்லரையில் எடை போட்டு விற்கும் சரக்கில் எதை எண்ணுவது? அவர் சிட்டையை எடுத்து, அந்த மூட்டையிலிருந்து விற்றதை வரி வரியாகக் கூட்டினார். 46.8 கிலோ வந்தது. ஆப் சொன்னதும் அதேதான். அப்படியென்றால் தப்பு ஆப்பிலும் இல்லை, சிட்டையிலும் இல்லை. பில்லுக்கும் தராசுக்கும் நடுவில் எங்கேயோ இருந்தது.

அடுத்த மூட்டை பிரித்தபோது தராசுப் பக்கம் ஒரு கண் வைத்தார். மாலையில் அப்பா வந்து கைகொடுக்கிற நேரம் அது. ஒரு பையன் பத்து ரூபாய்க்குச் சீனி கேட்டான். ஆப்பில் பத்து ரூபாய் என்று போட்டால், கிலோ ₹46 கணக்கில் அது 217 கிராமைக் கழித்துக்கொள்ளும். அப்பா அள்ளிப் போட்டது கால் கிலோ.

“பத்து ரூபாய்க்குக் கால் கிலோங்கிறது சீனி நாப்பது வித்தப்ப பாப்பா. கை அதுலயே நின்னுபோச்சு” என்றார்.

ஒரு தடவைக்கு 33 கிராம். அப்படி ஒரு மூட்டைக்கு அறுபது பொட்டலம் போனால் ஏறக்குறைய 2 கிலோ. வீட்டுக்கும் கடைத் தேநீருக்கும் பில் இல்லாமல் எடுத்தது 1 கிலோவுக்குப் பக்கம். மிச்சம் சிந்தியதும் சாக்கில் ஒட்டியதும். 3.2 கிலோவும் இப்படித்தான் போயிருந்தது.

இதில் காசு எவ்வளவு என்று பார்த்தால்தான் விஷயம் உறைக்கும். 50 கிலோவும் விற்றிருந்தால் ₹2,300, அடக்கம் ₹2,150, லாபம் ₹150. விற்றது 46.8 கிலோ. கைக்கு வந்தது ₹2,152.80. ஒரு மூட்டைச் சீனிக்கு லாபம் ₹2.80. சீனி, பருப்பு மாதிரி லாபம் குறைந்த சரக்கில் கை கொஞ்சம் தாராளமானாலும் அது லாபத்தைத்தான் தின்கிறது. சிட்டை இதைக் காட்டாது, ஏனென்றால் அதில் வந்த காசு மட்டும்தான் உண்டு. போன சரக்கு இல்லை. இத்தனைக்கும் அப்பா கணக்கில் கெட்டிக்காரர்.

அன்று முதல் தராசில் விலையை அழுத்தி, தொகை பத்தைத் தொட்டதும் நிறுத்துகிறார்கள். வீட்டுக்கு எடுப்பதற்கும் பில் போடுகிறார்கள். எடை போட்டு விற்கும் சரக்கில் இரண்டு மூன்றை ஞாயிறுதோறும் நிறுத்துப் பார்த்து ஆப்போடு ஒப்பிடுகிறார் மகள். மூட்டைக்கு அரைக் கிலோ வரை குறைந்தால் விட்டுவிடுகிறார். மேலே போனால் தேடுகிறார்.

ஆப்பை நம்பக் கூடாத இடங்களும் தெரியவந்தன. பார்கோடில் விலை இருக்காது. அது பொருளின் அடையாள எண் மட்டும்தான். கம்பெனி விலையை ஏற்றினாலும் கோடு பெரும்பாலும் மாறாது. அலமாரியில் பழைய விலைச் சரக்கும் புதியதும் கலந்து கிடக்கும். ஆப் கடைசியாக ஏற்றிய விலையைப் போடும். அச்சிட்ட விலைக்கு மேல் பில் போனால் குற்றம். 2025 செப்டம்பர் 22-ல் சோப்பு, ஷாம்பு, பற்பசைக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 ஆனபோது நடந்தது தலைகீழ். உறையில் பழைய விலை, விற்க வேண்டியது குறைந்த விலைக்கு. ஆப் தானாக மாறிக்கொள்ளவில்லை. அவர்தான் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மாற்றினார்.

கடன் விஷயத்தில் அப்பா சொன்னதே நின்றது. பற்று வைத்திருப்பவர்களுக்கு ஆப் தானாக ‘பாக்கியைச் செலுத்தவும்’ என்று செய்தி அனுப்பிக்கொண்டிருந்தது. ஒரு புதன்கிழமை, நெடுநாளாக வாங்கும் அம்மா ஒருவர் கடை வாசலுக்கே வந்துவிட்டார்: “அண்ணாச்சி, நான் என்னைக்காவது ஏமாத்தியிருக்கேனா?” தீப்பெட்டி ஆபீசில் வேலை, சனிக்கிழமை சம்பளம். சனிக்கிழமை சாயங்காலம் தானாக வந்து கொடுப்பவர். அது அப்பாவுக்குத் தெரியும், ஆப்புக்குத் தெரியாது. மகள் அந்த வசதியை அணைத்துவிட்டார். பற்று ஆப்பில் ஏறுகிறது. வாங்குபவர் கையிலுள்ள சின்ன நோட்டிலும் எழுதப்படுகிறது. தொகையில் சண்டை வந்தால் இரண்டையும் வைத்துப் பார்க்கலாம்.

சிட்டை எழுதுவதை மட்டும் ஒருநாள் நிறுத்தினார். அதற்கு முன்பே, இரவில் கணக்கின் நகல் ஆன்லைனில் ஏறுகிறதா என்று இன்னொரு போனில் திறந்து பார்த்துவிட்டார். போன் தொலைந்தால் கடையே தொலைந்த மாதிரி ஆகிவிடக் கூடாது.

அப்பாவோடு ஒரு வழக்கு மிச்சமிருந்தது. கடைக்கு வரும் பிள்ளைகளுக்குக் கொசுறாக ஒரு பிடி பொட்டுக்கடலை கொடுப்பதை அவர் விடுவதாக இல்லை. மகளும் கேட்கவில்லை. ஆப்பில் ‘கொசுறு’ என்று ஒரு பொருளைச் சேர்த்து, விலை பூஜ்யம், ஒரு தடவைக்கு 20 கிராம் பொட்டுக்கடலை கழியும்படி வைத்துவிட்டார். இப்போது பொட்டுக்கடலை இருப்பு சரியாக வருகிறது. கொசுறு பட்டனை அழுத்துவது அப்பாவின் வேலை.