சோறு ஆறும் நேரம்: சமையற்கூடத்தில் ஒரு கால்மணிப் பாடம்

உணவு நிறுவனங்களில் 25 பணியாளருக்கு ஒருவர் வீதமாவது முறையான பயிற்சி பெற்ற மேற்பார்வையாளர் இருக்கவேண்டும் என்ற நோக்கத்தோடு, இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2017-ஆம் ஆண்டு முதல் பயிற்சி வகுப்புகளுக்கு ஏற்பாடு செய்து வருகிறது. சான்றிதழோடு திரும்பும் அந்த ஒருவர், மற்ற 24 பேருக்கும் தாம் கற்றதை எப்படிச் சொல்லுவது என்பதுதான் கடினமான பகுதி. அடுப்படியில் பத்து மணி நேரம் நின்று களைத்தவர்களை உட்கார்த்தி வைத்து இரண்டு மணி நேரம் உபந்நியாசம் செய்தால், மறுவாரம் அதில் எதுவும் மிஞ்சாது. மதியச் சாப்பாடு ஓய்ந்து மாலைச் சிற்றுண்டி தொடங்குவதற்கு முன் கிடைக்கும் அவகாசத்தில், ஒரு தடவைக்கு ஒரே விஷயம் என்று கால் மணி நேரம் நடத்துவதே பயன் தரும் என்பது என் அபிப்பிராயம். அந்த ஒரு விஷயம் எப்படிப்பட்டதாக இருக்கவேண்டும் என்பதைச் சோற்றை வைத்தே பார்க்கலாம்.

பகலில் வடித்து மிஞ்சிய சோற்றை அண்டாவில் மூடிவைத்து, இரவில் ஃப்ரைட் ரைஸுக்கோ மறுநாள் காலை எலுமிச்சைச் சாதத்துக்கோ எடுப்பது பல விடுதிகளில் சாதாரணமான வழக்கம். பாசிலஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியா அரிசியோடு வயலிலிருந்தே வருவது. கொதிக்கும் நீரிலும் சாகாத வித்துக்களாக உறங்கிக் கிடந்து, சோறு மெல்ல ஆறும்போது விழித்துப் பெருகும் இயல்புடையது. பெருகும்போது அது சோற்றில் ஒரு நஞ்சைச் சுரந்து வைக்கக்கூடும். உண்டவருக்கு அரை மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி காணும். இந்த நஞ்சு சூட்டுக்கு அசையாதது. ஆகவே, ‘வாணலியில் போட்டு நன்றாகப் பிரட்டிவிட்டால் எல்லாம் செத்துப்போகும்’ என்று சமையற்காரர் பலரும் மனப்பூர்வமாக நம்புவது, பாக்டீரியாவைப் பொறுத்தமட்டில் பெரும்பாலும் மெய்யாக இருந்தபோதிலும், நஞ்சைப் பொறுத்தமட்டில் பொய்யாகிவிடுகிறது. பாடம் குறிவைக்கவேண்டியது இந்த நம்பிக்கையைத்தான்.

நம்பிக்கையை மாற்றுவது பிரத்தியட்சம். பேச்சு அதற்குப் போதாது. மூன்று மணிக்கு ஒரே உலைச் சோற்றை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை அண்டாவில் ஒரு சாண் உயரத்துக்குப் போட்டு மூடவேண்டும். மறு பாதியை அகலத் தட்டுகளில் இரண்டு விரற்கடை கனத்துக்குப் பரப்பி, ஆவி அடங்கியதும் மூடாமலே குளிர்சாதனப் பெட்டியில் வைக்கவேண்டும். உஷ்ணமானியை எடுப்பதற்கு முன், ஒவ்வொருவரும் தம் ஊகத்தை வாய்விட்டுச் சொல்லட்டும்: ஐந்து மணிக்கு எது எவ்வளவு சூடாக இருக்கும்? ஊகம் சொன்னவன்தான் விடையை ஆவலோடு எதிர்பார்ப்பான். அளவை எடுப்பவர் பயிற்சியாளராக இருத்தல் கூடாது. பாத்திரம் கழுவும் பையனிடம் கொடுத்து, ஊசி அடித்தகட்டைத் தொடாமல் சோற்றின் நடுவில் நிற்கும்படி பிடிக்கச் சொல்லி, எண்ணைக் கரும்பலகையில் எழுதச் செய்யவேண்டும். முன்கூட்டியே அந்த உஷ்ணமானியை, நொறுக்கிய பனிக்கட்டி நிறைந்த நீரில் வைத்துப் பூஜ்யம் காட்டுகிறதா என்று எல்லோர் முன்னிலையிலும் பரிசோதித்துவிட்டால், பிறகு எண்ணைப் பற்றிச் சந்தேகம் எழாது.

ஐந்து மணிக்கு அண்டாவின் ஓரம் வெதுவெதுப்பாகவும், நடுப்பகுதி கை பொறுக்காத சூடாகவும் இருப்பதைக் காண்பார்கள். கெட்டியான பண்டத்தில் கனம் இரட்டித்தால் ஆறும் நேரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும் என்பதே காரணம். 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட அபாய எல்லைக்குள் ஓரம் மாலையிலேயே நுழைந்துவிடுகிறது. நடுப்பகுதி இரவில் நுழைந்து விடியும்வரை அங்கேயே தங்குகிறது. தட்டுச் சோறோ அதற்குள் அந்த எல்லையின் பெரும்பகுதியைக் கடந்திருக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. சமைத்த உணவு 57 பாகையிலிருந்து 21 பாகைக்கு இரண்டு மணி நேரத்திலும், தொடக்கத்திலிருந்து மொத்தம் ஆறு மணி நேரத்துக்குள் 5 பாகைக்கும் இறங்கவேண்டும் என்பது அமெரிக்க உணவு விதித்தொகுப்பின் அளவு. சித்திரை மாதத்து மதுரையில் சமையலறையின் காற்றே 35 பாகைக்கு மேல் நிற்கையில், மின்விசிறியை மட்டும் நம்பினால் சோறு 21 பாகையை எட்டவே எட்டாது. பனிக்கட்டி நீரில் தட்டை நிறுத்துவதோ, குளிர்சாதனப் பெட்டியோ இல்லாமல் காரியம் நடவாது. பெட்டியிலும் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், அவை மீண்டும் ஒரே அண்டாவாகிவிடும். சூடான தட்டுகளை ஏராளமாக ஒரே சமயத்தில் நுழைத்தால், அங்கே முன்பே இருக்கும் பாலும் மாவும் சூடேறிவிடும்.

யாராவது ஒருவர், பெரும்பாலும் வயதில் மூத்த மாஸ்டர், ‘பழைய சோறு தின்று வளர்ந்தவர்கள்தானே நாமெல்லாம்?’ என்று கேட்பார். இந்தக் கேள்வியைத் தட்டிக்கழித்தால் பாடம் முழுவதும் வீணாகிவிடும். நீராகாரத்தில் ஊற்றும் தண்ணீர் சோற்றை விரைவில் ஆற்றுகிறது; இரவில் உண்டாகும் புளிப்பு அந்தப் பாக்டீரியாவின் வளர்ச்சியை ஒடுக்குகிறது. உலர்ந்த அண்டாச் சோற்றுக்கு இவ்விரண்டு காப்பும் கிடையாது. இதனால் பழைய சோறு எந்நிலையிலும் அபாயமற்றது என்று ஆகிவிடாது. ஆனால் மாஸ்டரின் அனுபவம் பொய்யன்று, அது வேறொரு பண்டத்தைப் பற்றியது என்று மரியாதையோடு சொல்லும்போது அவர் பகைவராகாமல் துணைவராகிறார்.

இனி வினாக்கள். 2006-ஆம் ஆண்டு ரோடிகர், கார்ப்பிக் என்னும் இரு உளவியலாளர் வெளியிட்ட ஆராய்ச்சியில், பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்த மாணவர்கள் ஐந்து நிமிஷத்துக்குப் பின் நடந்த பரீட்சையில் முந்தினார்கள். ஒரு வாரத்துக்குப் பின்னரோ, படித்ததை நினைவிலிருந்து எடுத்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். ஆகையால் வினா என்பது மதிப்பெண் போடுவதற்கு மாத்திரமன்று. நினைவிலிருந்து தேடி எடுக்கும் அந்தப் பிரயாசையே கற்பித்தலின் ஒரு பகுதி. மறுநாள் ஒரு வினா, அடுத்த வாரம் ஒன்று, மாதம் கழித்து ஒன்று என்று இடைவெளி விட்டுக் கேட்பது, ஒரே நாளில் பத்து வினா கேட்பதைவிட மேலானது.

‘அபாய எல்லை எத்தனை பாகை?’ என்று கேட்டால் எண் மட்டும் மனப்பாடமாகும். ‘மணி நான்கு, ஒன்றரை மணிக்கு வடித்த சோறு அண்டாவில் மூடிக் கிடக்கிறது, மாஸ்டர் வீட்டுக்குப் போய்விட்டார், பெட்டியில் ஒரு தட்டுக்குத்தான் இடம் இருக்கிறது, நீ என்ன செய்வாய்?’ என்று கேட்டால் காரியமே கண்முன் வரும். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் உடன் வேலை செய்யும் கூடத்தில் எழுத்துப் பரீட்சை பொருந்தாது. படமோ மெய்யான பாத்திரமோ காட்டி, பச்சை அட்டை, சிவப்பு அட்டை என்று ஒரே நொடியில் எல்லோரும் தூக்கும்படி செய்யலாம். ஒருவர் பின் ஒருவராகக் கேட்டால், இளையவர்கள் மாஸ்டரின் முகத்தைப் பார்த்தே விடை சொல்லுவார்கள். தவறான விடைக்குத் தண்டனை கூடாது. பலர் ஒரே தவறைச் செய்தால் அடுத்த கால்மணியின் பாடம் அதுவே.

அட்டைகள் எல்லாம் சரியாக உயர்ந்துவிட்டதைக் கொண்டு திருப்தியடைந்துவிடலாகாது. முன்னறிவிப்பின்றி ஒருநாள் நான்கு மணிக்குச் சோறு எங்கே இருக்கிறது, அதன் நடுவில் எத்தனை பாகை என்று பார்ப்பதே உண்மையான பரீட்சை. விடை தெரிந்தும் அண்டாவிலேயே மூடி வைத்திருந்தால், குறை ஞாபகத்தில் இல்லை. தட்டுகள் போதாமையிலோ, பெட்டியில் இடமின்மையிலோ இருக்கிறது. அங்கே இரண்டாம் தடவை பாடம் நடத்துவது பணியாளரை அவமதிப்பதாகும். முதலாளி தட்டுகளும் அடுக்குச் சட்டமும் வாங்கித் தரவேண்டும். இயலாதெனில், மதிய உலையைக் குறைத்து இரவுக்குப் புதிதாக வடிக்கும்படி ஏற்பாட்டையே மாற்றவேண்டும்.