காலையில் போட்ட ஊசி நண்பகலில் ஏன் தாக்குகிறது?
இன்சுலின் வகைகளும் சர்க்கரை மாத்திரைகளும்: ஒரே அட்டவணையில்

திண்டிவனத்தை அடுத்த ஒரு சிற்றூரில் மணிலா பயிரிடும் ஐம்பத்தெட்டு வயது விவசாயி ஒருவரை எடுத்துக்கொள்வோம். எங்கள் புறநோயாளர் பிரிவில் பலரிடம் கண்டவற்றைச் சேர்த்து அமைத்த எடுத்துக்காட்டு இது. நாள்தோறும் காலை ஆறரை மணிக்கு 30/70 எனப்படும் கலப்பு இன்சுலின் 20 யூனிட் போட்டுக்கொள்வார். ஏழு மணிக்குக் கூட்டு மாத்திரை ஒன்றை விழுங்கிவிட்டு நான்கு இட்லி உண்பார். பதினோரு மணிக்கு வயலில் ஒரு சொம்பு கேழ்வரகுக் கூழ்; ஒரு மணிக்கு மேல் சோறு. மாதக்கணக்கில் எந்தத் தொல்லையும் இருந்ததில்லை.

ஒரு திங்கட்கிழமை, மனு கொடுப்பதற்காக விழுப்புரம் ஆட்சியர் அலுவலகத்துக்குப் பேருந்தில் வந்தார். ஊசியும் மாத்திரையும் இட்லியும் வழக்கம்போல் முடிந்திருந்தன. வரிசையில் நின்றதால் கூழ் மட்டும் தவறிற்று. பன்னிரண்டரை மணிக்கு உடல் வியர்த்தது, கை நடுங்கியது, பேச்சு தடுமாறியது. அருகில் இருந்தோர் சர்க்கரை கூட்டிய தேநீர் வாங்கிக் கொடுத்தனர். அரை மணி கழித்து எங்களிடம் அழைத்து வந்தபோதும் இரத்தச் சர்க்கரை 54 மி.கி. என்றே இருந்தது. 70-க்குக் கீழே இறங்கினாலே அது தாழ்சர்க்கரை. பேச்சுவழக்கில் ‘லோ சுகர்’.

இங்கே இரண்டு கேள்விகள் எழுகின்றன. காலை உணவு உண்டவருக்கு நண்பகலில் ஏன் சர்க்கரை இறங்கியது? இனிப்புத் தேநீர் குடித்தும் அது ஏன் ஏறவில்லை? இரண்டுக்கும் விடை கீழுள்ள அட்டவணையில் உள்ளது. நேரங்கள் யாவும் சராசரியே. ஆளுக்கு ஆள், ஊசி போடும் இடத்துக்கு இடம் மாறுபடும்.

| மருந்து | என்ன செய்கிறது | தொடக்கமும் கால அளவும் | தனியாகவே தாழ்சர்க்கரை தருமா? |
|---|---|---|---|
| அதிவேக இன்சுலின் (லிஸ்ப்ரோ, அஸ்பார்ட்) | ஒரு வேளை உணவைச் சமாளிக்கும் | 10–15 நிமிடம். உச்சம் 1–2 மணி. 3–5 மணி நீடிக்கும் | தரும் |
| ரெகுலர் இன்சுலின் (தெளிந்தது) | ஒரு வேளை உணவைச் சமாளிக்கும் | 30 நிமிடம். உச்சம் 2–4 மணி. 6–8 மணி நீடிக்கும் | தரும் |
| என்.பி.எச். (பால்போல் கலங்கியது) | உணவுகளுக்கு இடைப்பட்ட நேரத்துக்கு | 1–2 மணி. உச்சம் 4–10 மணி. 12–18 மணி நீடிக்கும் | தரும் |
| 30/70 கலப்பு (கலங்கியது) | மேற்கண்ட இரண்டும் சேர்ந்தது | 30 நிமிடம். இரண்டு உச்சங்கள் | தரும் |
| கிளார்ஜின் (தெளிந்தது) | நாள் முழுதும் அடித்தளம் | உச்சம் அநேகமாக இல்லை; ஏறத்தாழ 24 மணி | தரலாம்; ஒப்பளவில் குறைவு |
| மெட்ஃபார்மின் | கல்லீரல் சர்க்கரையை வெளிவிடுவதைக் குறைக்கும் | உணவோடு அல்லது உணவுக்குப் பின் | பெரும்பாலும் இல்லை |
| கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு | கணையத்தை உந்தி இன்சுலினைச் சுரக்க வைக்கும் | உணவுக்குச் சற்று முன். 24 மணி வரை | தரும் |
| வோக்லிபோஸ், அகார்போஸ் | குடலில் மாவுப்பொருளும் சர்க்கரையும் உடைவதைத் தாமதப்படுத்தும் | முதல் கவளத்தோடு. அந்த உணவுக்கு மட்டும் | இல்லை |
| சிட்டாகிளிப்டின், டெனெலிகிளிப்டின் | சர்க்கரை ஏறும்போது மட்டும் கணையத்துக்குத் துணைபுரியும் | ஏறத்தாழ 24 மணி | பெரும்பாலும் இல்லை |
| டாபாகிளிஃப்ளோசின் | சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் | ஏறத்தாழ 24 மணி | பெரும்பாலும் இல்லை |

முதல் கேள்விக்கு வருவோம். 30/70 என்றால் நூற்றில் முப்பது பங்கு ரெகுலர், எழுபது பங்கு என்.பி.எச். எனவே நம் விவசாயியின் 20 யூனிட்டில் 6 ரெகுலர், 14 என்.பி.எச். அந்த ஆறும் ஏழு மணிக்கு வேலையைத் தொடங்கி இட்லியைக் கவனித்துக்கொண்டன. பதினான்கு யூனிட்டின் உச்சமோ பத்தரை மணிக்கு மேல்தான் வருகிறது. அந்த நேரத்தில் நாள்தோறும் வயிற்றில் கூழ் இருந்தது. அவர் அதைச் சிற்றுண்டி என்று எண்ணியிருந்தார்; உண்மையில் அது ஊசியின் அளவோடு சேர்ந்த ஒரு பகுதி. கூழ் இல்லாத நாளில் அந்த இன்சுலினுக்கு எதிரே நிற்க எதுவும் இல்லை.

என்.பி.எச். இவ்வாறு காலந்தாழ்த்தி வேலை செய்வது தற்செயலன்று. தொடக்க கால இன்சுலின் சில மணி நேரமே நின்றதால் ஒரு நாளில் பலமுறை ஊசி போட வேண்டியிருந்தது. டென்மார்க்கைச் சேர்ந்த ஹாகெடார்ன் 1936-இல், மீனின் விந்துத் திரவத்திலிருந்து பெறப்படும் புரோட்டமைன் என்னும் புரதத்தை இன்சுலினோடு சேர்த்து, அது தோலடியில் மெல்லக் கரையுமாறு செய்தார். அதன் செம்மையாக்கப்பட்ட வடிவம்தான் 1946-இல் வந்த என்.பி.எச். கலங்கிய தோற்றத்துக்குக் காரணம் அந்தச் சேர்க்கையே. அடியில் படிந்திருக்கும் அதனை உள்ளங்கைகளுக்கு இடையில் மெதுவாக உருட்டிக் கலக்காவிட்டால், ஒரு நாள் மருந்து குறைந்தும் மறுநாள் மிகுந்தும் உடலில் சேரும். தெளிந்தவை எல்லாம் வேகமானவை என்றும் கொள்ளற்க: கிளார்ஜினும் தெளிந்ததே. இரவில் போட வேண்டிய அதற்குப் பதிலாக ரெகுலரை எடுத்துவிட்டால் விளைவு கடுமையாகும். குப்பியின் பெயரைப் படித்தே எடுக்க வேண்டும்.

மாத்திரையும் தன் பங்கைச் செய்தது. அவர் ஒன்றென்று எண்ணிய அந்த மாத்திரையில் கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின், வோக்லிபோஸ் என மூன்று மருந்துகள் இருந்தன. ஊசியை ஓரிடத்திலும் மாத்திரையை வேறோரிடத்திலும் வாங்கி வந்ததால் இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. கிளிமிபிரைடு, இரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று பாராமல் கணையத்தை உந்திக்கொண்டே இருக்கும். கலப்பு இன்சுலின் போடுகிறவருக்கு அது பெரும்பாலும் தேவையில்லை என்பதே எங்கள் கருத்து.

இரண்டாம் கேள்விக்கு விடை வோக்லிபோஸ். கடையில் வாங்கும் வெள்ளைச் சர்க்கரை குடலில் இரண்டாக உடைந்த பிறகே இரத்தத்தில் சேரும். அந்த உடைப்பைத்தான் இம்மருந்து தாமதப்படுத்துகிறது. ஆகவே தேநீர்ச் சர்க்கரை, பிஸ்கட், மிட்டாய் முதலியவை இவருக்கு உடனே உதவா. குளுக்கோஸ் ஏற்கெனவே உடைந்த வடிவில் இருப்பதால் தடையின்றிச் சேரும். மூன்று தேக்கரண்டி, அதாவது ஏறத்தாழ 15 கிராம் குளுக்கோஸ் பொடியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தோம். கால் மணி நேரத்தில் 88-க்கு வந்தது. வோக்லிபோஸ் இல்லாதவர்களுக்கு வெள்ளைச் சர்க்கரையே போதும். ஆயினும் உங்கள் மாத்திரையில் என்ன இருக்கிறது என்று ஐயமிருந்தால் குளுக்கோஸ் பொட்டலத்தையே பையில் வைத்துக்கொள்ளுங்கள். கால் மணி கழித்தும் 70-ஐத் தாண்டாவிட்டால் அதே அளவை மீண்டும் கொடுக்கலாம். நினைவிழந்தவரின் வாயில் மட்டும் எதையும் ஊற்றக்கூடாது, 108-ஐ அழையுங்கள்.

88 என்று கண்டதும் அவர் திண்டிவனம் பேருந்துக்குப் புறப்படத் தயாரானார். நாங்கள் அனுப்பவில்லை. என்.பி.எச்.-இன் உச்சம் பிற்பகல் நான்கரை வரை நீளலாம். கிளிமிபிரைடோ மறுநாள் காலை வரையிலும் இருக்கும். தயிர்சோறு உண்ணச் செய்து, மாலை வரை மணிக்கொருமுறை சோதித்தோம். இத்தகைய மாத்திரை உண்டவருக்கு ஏறிய சர்க்கரை மீண்டும் இறங்குவது உண்டு; சிறுநீரகம் பழுதுபட்டிருந்தால், குறிப்பாகக் கிளிபென்கிளமைடு உண்பவருக்கு, அந்த வாய்ப்பு இன்னும் மிகுதி. அன்றிரவு வீட்டாரும் படுக்குமுன் ஒருமுறை சோதித்துப் பார்க்குமாறு கூறினோம்.

பின்னர் கூட்டு மாத்திரையை நிறுத்தி, சிறுநீரகச் சோதனை சரியாக இருந்ததால் மெட்ஃபார்மின் மட்டும் கொடுத்தோம். ஊசியின் அளவு மாறவில்லை. வெளியூர் செல்லும் நாளில் பதினோரு மணிக் கூழுக்கு ஈடாக நான்கு இட்லியில் இரண்டைப் பொட்டலமாகக் கட்டி எடுத்துச் செல்கிறார். எந்த மருந்தையும் நீங்களாகவே நிறுத்த வேண்டாம். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வழியாக வீட்டுக்கு வரும் மாத்திரை அட்டை, கடையில் வாங்கும் அட்டை, இன்சுலின் குப்பி, சிரிஞ்சு ஆகிய அனைத்தையும் ஒரே பையில் போட்டு அடுத்த முறை எங்களிடம் கொண்டுவாருங்கள். சிரிஞ்சையும் கேட்பதற்குக் காரணம் உண்டு: சிவப்பு மூடிச் சிரிஞ்சு மில்லிக்கு 40 யூனிட் கொண்ட குப்பிக்கும், ஆரஞ்சு மூடி 100 யூனிட் குப்பிக்கும் உரியவை, 100 யூனிட் குப்பியிலிருந்து சிவப்பு மூடிச் சிரிஞ்சில் எடுத்தால் இரண்டரை மடங்கு மருந்து உள்ளே சென்றுவிடும்.