பதில் வராத பில்

மாதக் கடைசி நாள், சாயங்காலம் ஆறு மணி. கோவைப் பக்கம் ஒரு நூற்பாலை. லோடு ஏற்றி, தார்ப்பாய் இழுத்துக் கட்டி, லாரி கேட்டருகே நிற்கிறது. "ஏனுங்க அம்மிணி, பில் ஆச்சுங்களா?" என்று டிரைவர் ஜன்னல் வழியாகக் கேட்கிறார். பில் போடும் பெண் திரையில் சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அரை நிமிடம் கழித்து வட்டம் நின்றது. `Request timed out` என்று ஒரு வரி வந்தது.

அந்த ஒரு வரியால் ஆலைக்கு என்ன ஆயிற்று என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. கொள்முதல், சரக்கிருப்பு, விற்பனை, கணக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்துக்கொள்ளும் மென்பொருளை ஈ.ஆர்.பி. என்கிறோம். அது தனியாக இயங்குவதில்லை. வங்கியோடு பேசும், ஆன்லைன் கடையோடு பேசும், ஜி.எஸ்.டி. தளத்தோடும் பேசும். இந்தப் பேச்சுவார்த்தையை அமைத்துக் கொடுப்பதுதான் பல வருடங்களாக என் வேலை. வேலையில் பாதி, பேச்சு அறுந்துபோனால் என்ன செய்வது என்று யோசிப்பதிலேயே போய்விடும்.

ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்கள், வேறொரு வணிகருக்குப் போடும் பில்லை அரசின் ஈ-இன்வாய்ஸ் தளத்தில் பதிந்தாக வேண்டும். 2020 அக்டோபரில் 500 கோடிக்கு மேற்பட்ட நிறுவனங்களோடு தொடங்கிய விதி, படிப்படியாக இறங்கி 2023 ஆகஸ்டில் 5 கோடிக்கு வந்தது. ஈ.ஆர்.பி. பில் விவரத்தை அனுப்பும். தளம் சரிபார்த்து ஐ.ஆர்.என். என்ற 64 எழுத்து எண்ணையும் கியூஆர் குறியீட்டையும் திருப்பித் தரும். அவை வந்தால்தான் பில் செல்லும், லாரி கிளம்பலாம்.

இப்போது அந்தத் திரைக்கு வருவோம். அரை நிமிடத்தில் பதில் வரவில்லை. அதற்கு என்ன அர்த்தம்? பில் தளத்துக்குப் போய்ச் சேராமலே வழியில் தொலைந்திருக்கலாம். போய்ச் சேர்ந்து, பதிவாகி, பதில் மட்டும் திரும்பும் வழியில் தொலைந்திருக்கலாம். ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால் அனுப்பியவர்களுக்கு இது தெரியும்: அட்டை திரும்பி வரவில்லை என்றால் கடிதம் சேரவில்லையா, அட்டைதான் தொலைந்ததா என்று இங்கிருந்து சொல்ல முடியாது. இரண்டும் அனுப்பியவர் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். நான் பார்த்த இணைப்புக் கோளாறுகளில் பெரும்பாலானவை, பதில் வராததைத் தோல்வி என்று எழுதிக்கொண்டதில் தொடங்கியவை.

அந்த ஆலையின் மென்பொருளும் அப்படித்தான் எழுதிக்கொண்டது. 4417-ஆம் எண் பில் 'தோல்வி' என்று சிவப்பில் காட்டியது. டிரைவர் அவசரப்படுத்துகிறார், வேறு வழி தெரியவில்லை. அந்தப் பெண் சிவப்புப் பில்லை அழித்துவிட்டு, அதே சரக்குக்கு 4418 என்று புதுப் பில் போட்டார். இந்த முறை மூன்று நொடியில் ஐ.ஆர்.என். வந்தது, ஈ-வே பில்லும் வந்தது. லாரி கிளம்பியது.

ஆனால் 4417-உம் பதிவாகியிருந்தது. தொலைந்தது பதில் மட்டும்தான். ஈ-இன்வாய்ஸ் தளத்தில் பதிவானவை ஜி.எஸ்.டி.ஆர்-1 படிவத்துக்குத் தானாகவே போய்ச் சேரும். 11-ஆம் தேதிக்குள் படிவம் தாக்கல் செய்தபோது இரண்டு பில்லும் உள்ளே இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. 14-ஆம் தேதிக்குப் பிறகு, வாங்கியவரின் கணக்கர் தம் ஜி.எஸ்.டி.ஆர்-2பி-யைப் பார்த்துவிட்டு போன் செய்தார்: "ஒரே லோடுக்கு ரெண்டு பில் வந்திருக்குதுங்களே?" 6 லட்ச ரூபாய் பருத்தி நூல், 5 சதவீத வரி. இல்லாத விற்பனைக்கு 30,000 ரூபாய் வரி கட்டியிருந்தார்கள். ஈ-இன்வாய்ஸைத் தளத்தில் 24 மணி நேரத்துக்குள்தான் ரத்து செய்ய முடியும். அது என்றோ முடிந்துபோனது. கடைசியில் கிரெடிட் நோட் போட்டுச் சரிக்கட்டினார்கள். அந்தப் பெண்ணுக்கு மேலிடத்தில் திட்டு விழுந்தது. எனக்கு அது இன்றும் வருத்தம்தான். தவறு அவருடையது அல்ல, 'தெரியவில்லை' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'தோல்வி' என்று சொன்ன மென்பொருளுடையது.

சரியான வழி ரொம்ப எளிது: அதே பில்லை, அதே எண்ணில், திரும்ப அனுப்ப வேண்டும். இரண்டு முறை பதிவாகிவிடாதா என்று பயப்பட வேண்டியதில்லை. ஐ.ஆர்.என். குலுக்கிப் போட்டு எடுத்த எண் அல்ல. விற்பவரின் ஜி.எஸ்.டி. எண், நிதியாண்டு, ஆவணத்தின் வகை, பில் எண் ஆகிய நான்கையும் சேர்த்துக் கணக்கிட்டு வருவது. அந்த நான்கும் மாறாதவரை எத்தனை முறை அனுப்பினாலும் அதே எண்தான் வரும். முன்பே பதிவாகியிருந்தால் தளம் இப்படிச் சொல்லும்:

```
"ErrorCode": "2150",
"ErrorMessage": "Duplicate IRN"
```

கூடவே `DUPIRN` என்ற குறியின் கீழ், முதலில் கொடுத்த ஐ.ஆர்.என்., ஒப்புகை எண், தேதி மூன்றையும் தந்துவிடும். பெயரளவில்தான் இது பிழை. நம் நிலையில் இருப்பவருக்கு இது 'முதல் முறையே பதிவாகிவிட்டது' என்ற நல்ல செய்தி. 2150 வந்தால் அந்த எண்ணை எடுத்து பில்லில் பதிந்துகொண்டு மேலே போக வேண்டும். இதையும் சிவப்பில் காட்டிப் பயமுறுத்தும் மென்பொருள்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இதில் ஒரு பொறி இருக்கிறது, அனுபவசாலிகளும் விழுவார்கள். அந்த நான்கு விவரங்களில் தொகை இல்லை என்பதைக் கவனியுங்கள். முதல் முறை பதில் வராமல் போனபின், யாராவது பில்லைத் திறந்து 6 லட்சத்தை 5,90,000 என்று திருத்தி, அதே எண்ணில் அனுப்பினால் தளம் 2150 என்று சொல்லிப் பழைய ஐ.ஆர்.என்.-ஐத் தரும். ஆலையின் கணக்கில் ஒரு தொகை, அரசிடம் வேறொரு தொகை. எனவே அனுப்பிய நொடியிலிருந்து தெளிவான பதில் வரும்வரை பில் பூட்டியே இருக்க வேண்டும். 2150 வந்தபின் தளத்திலிருக்கும் பில்லை வாங்கி, மொத்தத் தொகை ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் ஒரு வரியையும் நான் சேர்த்துவிடுவேன்.

எல்லா இடத்திலும் எதிர்ப்பக்கம் இவ்வளவு நல்லபடியாக அமைவதில்லை. ஆன்லைன் கடையிலிருந்து ஆர்டர்கள் ஈ.ஆர்.பி.-க்கு வருகின்றன என்று வையுங்கள். பதில் வராவிட்டால் கடை அதே ஆர்டரை மீண்டும் அனுப்பும். இரட்டை ஆகாமல் காக்கும் பொறுப்பு இப்போது நம்முடையது. 'இந்த ஆர்டர் ஏற்கெனவே இருக்கிறதா என்று பார், இல்லையென்றால் சேர்' என்று நிரல் எழுதினால் போதும் என்றே தோன்றும். ஒரே ஆர்டரின் இரண்டு பிரதிகள் ஒரே நேரத்தில் வந்தால் இரண்டுமே பார்க்கும், இரண்டுக்குமே 'இல்லை' என்று பதில் கிடைக்கும், இரண்டும் சேர்ந்துவிடும். ஆகவே தடையைத் தரவுத்தளத்திலேயே போட வேண்டும்:

```
CREATE UNIQUE INDEX ux_order
ON erp_orders (source, source_order_no);
```

எந்தக் கடை, அந்தக் கடையின் எந்த ஆர்டர் எண் என்ற ஜோடி ஒருமுறைதான் உள்ளே வர முடியும். இரண்டாவதைத் தரவுத்தளமே மறுத்துவிடும். அப்போது, முதலில் பதிவான ஆர்டரின் எண்ணைக் கடைக்குப் பதிலாகத் தந்துவிட வேண்டும். பிழை என்று சொன்னால் கடை மறுபடி அனுப்பிக்கொண்டே இருக்கும்.

இரட்டை வராது என்று உறுதியான பிறகுதான் மறுமுயற்சியைப் பற்றிப் பேச முடியும். எதை மறுபடி அனுப்புவது என்பது முதல் கேள்வி. பதில் வராதது, தளம் `503` என்று தற்காலிகமாகக் கைவிரித்தது போன்றவை சற்று நேரத்தில் தாமாகச் சரியாகலாம். இவற்றைத் திரும்ப அனுப்பலாம். வாங்குபவரின் பின்கோடு அவருடைய மாநிலத்துக்கு உரியதல்ல என்று தளம் திருப்பினால், ஆயிரம் முறை அனுப்பினாலும் அதே பதில்தான். ஒருவர் உட்கார்ந்து பின்கோடைத் திருத்த வேண்டும். இந்த இரண்டையும் பிரிக்காமல் எல்லாவற்றையும் பத்து முறை அனுப்பும்படி அமைத்தால், தவறான பில்கள் வரிசையை அடைத்துக்கொண்டு நல்ல பில்கள் பின்னால் காத்திருக்கும்.

எவ்வளவு இடைவெளி விடுவது? நான் வழக்கமாக 1 நிமிடம், பிறகு 2, 4, 8, 16 என்று இரட்டிப்பாக்கி, ஐந்து முயற்சியோடு நிறுத்துவேன். மொத்தம் 31 நிமிடம். மாதக் கடைசி மாலையில் தளம் திணறும்போது, ஒவ்வொரு நிறுவனமும் நொடிக்கொரு முறை கதவைத் தட்டினால் அது எழுந்திருக்கவே முடியாது. இடைவெளியில் சில நொடிகளை முன்பின்னாகக் கலைத்தும் விடுவேன். இல்லையென்றால் ஒன்றாக விழுந்த 200 பில்களும் சரியாக ஒரே நொடியில் மறுபடி போய் முட்டும்.

ஐந்தும் தோற்றபின் பில் தனி வரிசைக்குப் போக வேண்டும், மனிதருக்குச் செய்தி போக வேண்டும். யாருக்கு என்பதில்தான் பல நிறுவனங்கள் கோட்டைவிடுகின்றன. பின்கோடு தவறு கணினிப் பிரிவுக்குப் போய் ஒரு பயனும் இல்லை. அது பில் போட்டவருக்கே, 'பில் 4502: வாங்குபவரின் பின்கோடு மாநிலத்தோடு பொருந்தவில்லை, முகவரியைத் திருத்தி மீண்டும் அனுப்பவும்' என்று தமிழில் போக வேண்டும். தளமே விழுந்துவிட்டால் கணினிப் பிரிவுக்கு ஒரே ஒரு செய்தி: இத்தனை மணியிலிருந்து பதில் இல்லை, இத்தனை பில் காத்திருக்கிறது. பில்லுக்கு ஒன்றாக 200 மின்னஞ்சல் போனால், அடுத்த வாரமே அவற்றைத் தனிக் கோப்புறைக்குத் தள்ளிவிடுவார்கள். பிறகு யாரும் திறக்க மாட்டார்கள். 31 நிமிடம் வரை காத்திருக்கவும் கூடாது. லாரி வாசலில் நிற்கிறது. ஒரு பில் 10 நிமிடமாக ஐ.ஆர்.என். இல்லாமல் கிடந்தால், முயற்சி தொடரும்போதே டிஸ்பாட்சுக்குத் தகவல் போய்விட வேண்டும். டிரைவரை டீ குடித்துவிட்டு வரச் சொல்லலாம்.

இவ்வளவும் செய்தபிறகும் ஒரு வகைப் பிழை மிஞ்சும். அனுப்பியது தோற்றால் எச்சரிக்கை வரும். அனுப்பப்படவே இல்லையென்றால் தோல்வியும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. அந்த ஆலையில் இப்போது தினமும் இரவு ஒன்பது மணிக்கு ஒரு சின்ன நிரல் ஓடுகிறது. அன்று ஈ.ஆர்.பி.-யில் போட்ட பில்கள் எத்தனை, ஐ.ஆர்.என். வந்தவை எத்தனை என்று இரண்டு எண்களை மேலாளரின் போனுக்கு அனுப்பும். பல மாதம் இரண்டும் ஒன்றாகவே வந்தன. ஓர் இரவு 86, 85 என்று வந்தது. தேடிப் பார்த்தால், புதிதாக எடுத்த கிடங்குக்குத் தனி பில் வரிசை திறந்திருக்கிறார்கள். அந்த வரிசையையும் எடுத்துக்கொள் என்று இணைப்பு மென்பொருளுக்கு யாரும் சொல்லவில்லை. கிடங்கின் முதல் பில் அது. அன்றிரவு பத்து மணிக்குள் அதற்கும் ஐ.ஆர்.என். வாங்கிவிட்டோம்.